கூடுதல் வேலைகளுக்கான ஒப்பந்தத் திருத்தமும் பில்லும்

கோவில்பட்டி
12 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். வீட்டில் சுவர் வேலை லிண்டல் மட்டத்தைத் தொட்டுவிட்டது. தளம் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் இல்லாத வேலைகளைக் கணக்கில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. 1,200 சதுர அடிக்கு, சதுர அடி ₹2,400 வீதம் ₹28,80,000 என்று கையெழுத்திட்டோம், ஜிஎஸ்டி தனி.

முதலாவது அஸ்திவாரம். ஐந்து அடி ஆழம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஐந்தடியிலும் கரிசல்தான் வந்தது. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கிற மண் அது. அதன்மேல் தூணை நிறுத்தினால் சில வருடங்களில் சுவர் விரியும். பொறியாளர் குழியில் இறங்கிப் பார்த்துச் சொன்னபடி, தாங்களும் நேரில் பார்த்துச் சம்மதித்த பிறகே, ஏழடியில் சுக்கான் தட்டும்வரை தோண்டினோம். 14 குழிகளுக்கு மண்வெட்டு, கம்பி, கான்கிரீட் சேர்த்துக் குழிக்கு ₹6,000. இந்த வேலை முடிந்துவிட்டது. மண்ணுக்கு அடியில் போன பணம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், கம்பி, சிமெண்ட் வாங்கிய ரசீதுகளின் நகல்களையும் குழிகளின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

மற்ற இரண்டும் இன்னும் தொடங்கவில்லை. அம்மா கேட்டபடி தண்ணீர்த் தொட்டியை 6,000 லிட்டரிலிருந்து 12,000 லிட்டராக்குவது ஒன்று. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள நாலரை அங்குலச் சுவரைப் பிரித்து இரண்டடி தள்ளிக் கட்டுவது மற்றொன்று. அது பாரம் தாங்கும் சுவர் இல்லை, தாராளமாகத் தள்ளலாம். அந்தப் பக்கத்துப் பரண் வேண்டாம் என்றதால் அதற்கான தொகையைக் கழித்திருக்கிறேன்.

அஸ்திவாரம்: ₹84,000
தொட்டி, கூடுதல் 6,000 லிட்டர், லிட்டர் ₹18: ₹1,08,000
சுவர்: ₹14,500
பரண் கழிவு: – ₹11,500
கூடுதல் மொத்தம்: ₹1,95,000
ஜிஎஸ்டி 18 சதவீதம்: ₹35,100
ஆக: ₹2,30,100

திருத்திய ஒப்பந்தத் தொகை ₹30,75,000. ஜிஎஸ்டி சேர்த்து ₹36,28,500. சதுர அடி விலையில் மாற்றம் இல்லை. வீட்டை ஒப்படைக்கும் நாள் 30 மார்ச் 2026 என்பது 15 ஏப்ரல் 2026 ஆகிறது. தொட்டிக் கான்கிரீட்டை அவசரப்பட்டு முடித்தால் கசிவு வரும். அதனால்தான் இந்த அவகாசம்.

முடிந்த அஸ்திவார வேலைக்கான பில் ₹99,120 இத்துடன் உள்ளது. நவம்பர் 22-க்குள் வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். மீதி ₹1,30,980-ஐத் தளத் தவணையோடு தந்தால் போதும்.

கூடுதல் வேலை எதுவானாலும் எழுத்தில் ஒப்புதல் வேண்டும் என்பது நமது ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு. இரு பிரதிகளிலும் கையெழுத்திட்டு ஒன்றைத் திருப்பித் தாருங்கள். அது வந்த மறுநாளே தொட்டிக்குக் குழி வெட்ட ஆட்களை அனுப்புகிறேன். தொட்டியோ சுவரோ வேண்டாம் என்று தோன்றினால் அந்த வரியை அடித்துக் கையெழுத்திடுங்கள். தொகையையும் நாளையும் அதற்கேற்பக் குறைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கட்டட ஒப்பந்ததாரர்

இணைப்பு: அஸ்திவார பில், ரசீது நகல்கள், குழிகளின் படங்கள், திருத்திய வரைபடம்