கார் ஓட்டும் முன்தேர்வு: மதிப்பெண் தாளும் தேர்வருக்கான குறிப்பும்

தேர்வர்: பழகுநர் உரிமம் பெற்றவர், இலகுரக மோட்டார் வாகனம்
நாள்: 2024 நவம்பர் 14, வியாழன், காலை 6.30 முதல் 7.40 வரை
வழி: அஸ்தம்பட்டி ரவுண்டானா, கோரிமேடு, ஏற்காடு அடிவாரம், மலைப்பாதையில் நான்காம் வளைவு வரை சென்று திரும்புதல்
சாலை: இரவு மழையில் நனைந்தது, மலையில் மெல்லிய மூடுபனி
தேர்ச்சிக்கு: மொத்தம் 70, ஒவ்வொரு பிரிவிலும் பாதி. பயிற்றுநர் பிரேக்கை மிதிக்க நேர்ந்தால், மதிப்பெண் எதுவானாலும் தேர்ச்சி இல்லை.

கவனிப்பு: 30க்கு 13
கட்டுப்பாடு: 25க்கு 21
சாலை விதி: 20க்கு 14
தீர்மானம்: 25க்கு 9
மொத்தம்: 100க்கு 57. தேர்ச்சி இல்லை.

கட்டுப்பாட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. மேட்டில் நின்று கிளம்பும்போது வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே வந்தீர்கள்; பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கவில்லை. அடிவாரத்தில் என்ஜின் நின்றது. பதறாமல் ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு வந்து கிளப்பினீர்கள். அதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை. வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றியதற்குத்தான் நான்கு போனது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

உங்கள் கையும் காலும் தேறிவிட்டன. கண்தான் பின்தங்குகிறது. ரவுண்டானாவில் வலப்பக்கம் பார்த்து, உள்ளே சுற்றி வந்த வண்டிகளுக்கு வழிவிட்டீர்கள், அது சரி. வெளியேறும்போது இடக்கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. இண்டிகேட்டரும் ஸ்டீயரிங்கும் ஒரே நொடியில் திரும்பின. இடது ஓரமாக வந்த பால் வண்டிக்காரர் பிரேக் பிடித்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை. முதலில் கண்ணாடி, பிறகு சைகை, மறுபடி ஒரு பார்வை, அதற்குப் பிறகே திருப்பம்.

கோரிமேட்டில் நின்றிருந்த டவுன் பஸ்ஸை அதே வேகத்தில் கடந்தீர்கள். பஸ்ஸின் அடிப்பகுதி வழியே, முன்சக்கரத்துக்கு அப்பால் இரண்டு கால்கள் தெரிந்தன: பள்ளிச் சீருடை, வெள்ளைக் காலுறை. அந்தப் பிள்ளை சாலையைக் கடக்கவில்லை. கடந்திருந்தால் நம்மால் நிறுத்தியிருக்க முடியாது. நின்ற பஸ்ஸுக்குக் கீழே பார்க்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

சாலை விதியில் போனது பெரும்பாலும் நிறுத்தக்கோட்டில்தான். முன்சக்கரம் கோட்டைத் தாண்டி, நடப்பவர்களுக்கான பட்டைக் கோடுகளின் மேல் நின்றது.

இனி, மூன்றாம் வளைவு. மேலிருந்து இறங்கி வந்த பஸ் இரண்டு முறை ஹார்ன் அடித்தது நம் இருவர் காதிலும் விழுந்தது. நீங்கள் நிற்கவில்லை. ஏறும் வண்டிக்கே முதல் உரிமை என்று பிறகு சொன்னீர்கள். குறுகிய மலைச்சாலையில் அது சட்டப்படி சரி. அதனால்தான் இதை விதிப் பிரிவில் குறைக்காமல் தீர்மானத்தில் குறைத்திருக்கிறேன். அந்த வளைவு நமக்கு வலப்பக்கம் திரும்புகிறது. இறங்கும் பஸ்ஸுக்கு அது உள்பக்கத் திருப்பம். அத்தனை நீளமான வண்டி நம் பாதிக்குள் அகலமாக வராமல் அங்கே திரும்பவே முடியாது. ஓட்டுநர் அடாவடி செய்யவில்லை, அவருக்கு வேறு இடம் இல்லை. ஹார்ன் கேட்டதுமே வளைவுக்கு முன்னுள்ள நேர்ப்பகுதியில் இடது ஓரமாக நின்றிருக்க வேண்டும். பஸ் பத்து நொடியில் போயிருக்கும். நீங்கள் உள்ளே போனதால் நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். மொத்தம் 90 வந்திருந்தாலும் இந்த ஓரிடத்துக்காகவே நான் தேர்ச்சி கொடுத்திருக்கமாட்டேன். ஏற்காட்டுப் பாதையில் இப்படி இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

அடுத்த முன்தேர்வு வரை செய்ய வேண்டியது: ஓட்டும்போது கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இடதில் சைக்கிள், முன்னால் பஸ், கண்ணாடியில் லாரி" என்று. பஸ்ஸில் போகும்போதும் முன்னிருக்கையில் உட்கார்ந்து மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். வீட்டுக் காரை எடுத்தால் உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் 'எல்' பலகை வேண்டும். மலைக்கு இப்போதைக்குப் பயிற்றுநர் இல்லாமல் பழகப் போக வேண்டாம்.

ஆர்.டி.ஓ. தேர்வுக்கு அவசரப்படாதீர்கள். அங்கே தவறினால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி போக முடியும். மூன்று முறை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். உங்களுடையதில் இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது, போதுமான காலம்.

மறுதேர்வு: நவம்பர் 24, ஞாயிறு, காலை 6.30, இதே வழி. மூன்றாம் வளைவில் பஸ் வராவிட்டாலும், எங்கே நிற்பீர்கள் என்று நின்று காட்டச் சொல்வேன்.

மூத்த பயிற்றுநர்