கை நிற்கிற இடம்

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் 26 ஆண்டுகளாகப் புத்தகக்கடை நடத்துகிறேன். எந்த முகத்துக்கு எந்த நாவல் பிடிக்கும் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட முடியும் என்று அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்கவில்லை. எடுத்துக்கொடுத்த புத்தகத்தைப் படித்துவிட்டு, அதே ஆசிரியரின் அடுத்த நூலைத் தேடி வந்தவர்களே அதிகம். முக்கூடலிலிருந்து இசக்கியம்மாள் வந்து சேர்ந்தது, அப்படிப்பட்ட ஒரு வைகாசி மாதத்து மத்தியானத்தில்.

முப்பத்தைந்து வயதிருக்கும். பீடிக்கடையில் கட்டுகளைக் கொடுத்துவிட்டு நேராகப் பேருந்து ஏறியிருக்க வேண்டும், ஏனென்றால் அவரோடு சேர்ந்து புகையிலைத் தூளின் காரமான வாடையும் கடைக்குள் வந்தது. நாவல் ஒன்று வேண்டும் என்றார். இதற்கு முன்னால் எதைப் படித்தீர்கள் என்று கேட்டேன். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் முடித்தாகிவிட்டது, முடிக்கப் பத்து மாதம் பிடித்தது என்றார். ஒரு நாவலுக்கு ஏன் பத்து மாதம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலைக்கு நடுவே சிறுகச் சிறுகப் படித்திருப்பார் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன்.

“அக்கரைச் சீமைக்குப் போனவங்க கதையா இருந்தா நல்லது அண்ணாச்சி. எங்க கூட இருக்கிற ஆச்சியோட அப்பா பினாங்குக்குப் போனவரு, திரும்பி வரவே இல்லை” என்றார் அவர்.

அதைக் கேட்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பினாங்கு என்ற சொல்லைக் காதில் வாங்கிய கணத்திலேயே என் கை, ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இருந்த அடுக்குக்குப் போய்விட்டது. 1972இல் வெளிவந்த அந்த நாவலை நான் நான்கு முறை வாசித்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடானையும் பினாங்கையும், கடல் கடந்து போன தமிழனின் தனிமையையும், அந்தத் தனிமைக்குள் விடாமல் வந்து போகிற மதுரைத் தெருக்களையும் அதுபோல் எழுதிக்காட்டிய இன்னொரு நாவல் தமிழில் இல்லை என்பதே இன்றைக்கும் என் கருத்து. தொடர்கதையாக வந்த சரித்திர நாவலிலேயே நின்றுவிட்ட ஒரு வாசகரை அடுத்த படிக்கு ஏற்றிவிடுகிற வாய்ப்பு கிடைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே, கழிவு போட்டு அவரிடம் கொடுத்தனுப்பினேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். புத்தகத்தைக் கல்லாமேசைமீது வைத்துவிட்டு நின்றவரின் முகத்தைப் பார்த்ததுமே, அது சரிப்படவில்லை என்று தெரிந்துவிட்டது. கடினமாக இருந்ததா, எளிமையானதாக வேறு ஒன்று தரட்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவரைச் சுட்டிருக்க வேண்டும். ஆனாலும் குரலை உயர்த்தாமல், “கஷ்டம் ஒண்ணுமில்லை அண்ணாச்சி. தனியா உக்காந்து வாசிச்சப்போ எனக்கு நல்லாவே புரிஞ்சுது. வாசிச்சுக் கேட்கிறதுக்குத்தான் அது ஒத்துவரலை” என்றார். வாசித்துக் கேட்பது என்றால் என்ன என்று அப்போதுதான் விசாரித்தேன்.

முக்கூடலில் ஆச்சியின் வீட்டுத் தார்சாவில் ஐந்து பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். முன்பு வானொலி ஓடிக்கொண்டிருக்கும். அது பழுதானபின் இசக்கியம்மாள் புத்தகம் வாசிக்கத் தொடங்கினார். பீடி சுற்றுகிறவர்களுக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் வரும். ஒரு மணி நேரம் வாசித்தால் அந்த நேரத்தில் சுற்றக்கூடிய ஏறத்தாழ நூறு பீடி அவருக்குக் குறையும். அதனால் மற்ற நால்வரும் ஆளுக்கு ஒரு கட்டு, அதாவது 25 பீடி, தங்கள் தட்டிலிருந்து எடுத்து அவருடைய தட்டில் வைத்துவிடுகிறார்கள். கதை கேட்பதற்கு அவர்கள் கொடுக்கிற விலை அது. நான் புத்தகத்தின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் விலையைப் பார்த்துக் கழிவு போட்டேனே தவிர, அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் நூறு பீடி அதற்காகக் கைமாறுகிறது என்று எனக்குத் தெரியாது.

புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்க ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள் இருந்தன. யார் பேசுகிறார் என்று சொல்லாமல் பேச்சு மட்டுமே ஓடுகிற பக்கங்களில், ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் பேசுகிறவரின் பெயரை எழுதியிருந்தார். நினைவு திடீரென்று மெடானிலிருந்து மதுரைக்குத் தாவுகிற இடங்களில் குறுக்குக் கோடு ஒன்றை இழுத்து, ‘இது ஊர்’ என்று குறித்திருந்தார். நீண்டு போகும் வாக்கியங்களுக்குள், மூச்சு விட வேண்டிய இடங்களில் புள்ளி வைத்திருந்தார். நான்கு முறை வாசித்த நான், அந்த நாவலை ஒரு முறைகூட வாய்விட்டு வாசித்ததில்லை. பத்தி பிரிவதும், எழுத்துகளுக்கிடையே வெள்ளை இடம் விழுவதும் என் கண்ணுக்குச் சொல்லிவிடுகிற செய்தி, இலையைப் பார்த்துக் குனிந்திருக்கிற பெண்ணின் காதுக்குப் போய்ச் சேருவதில்லை என்ற மிகச் சாதாரணமான உண்மை, அந்தப் பென்சில் குறிகளைப் பார்த்த பிறகே எனக்கு எட்டியது.

“இத்தனை எழுதி வச்சும் சரியா வரலை. ‘இப்போ பேசுறது யாருக்கா’ன்னு ஒருத்தி கேட்பா, நான் பின்னாடி போய்ச் சொல்லுவேன், அதுக்குள்ள எல்லாருக்கும் கை நின்னுபோவும். அந்த வாரம் நாலு பேருக்குமே கணக்குக் குறைஞ்சுபோச்சு” என்றார்.

நான் கொடுத்த புத்தகத்தால் நான்கு பேருடைய கூலி குறைந்திருக்கிறது. புத்தகக்கடைக்காரனின் தவறான பரிந்துரையால் வாசகருக்கு ஒரு மாலைப்பொழுதும் கொஞ்சம் பணமும் வீணாகும், அதற்குமேல் ஒன்றுமில்லை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தருவதாகச் சொன்னேன். அவர் உடனே புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்றும், அன்றைக்கு ஆச்சிக்கு மட்டும் பினாங்கு வருகிற பகுதிகளைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டுவதாகவும், தம் தகப்பனார் நடந்த தெருவாக இருக்கும் என்று ஆச்சி ஒவ்வொரு தெருப் பெயரையும் சொல்லிப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். தட்டு மடியில் இருக்கிற நேரத்துக்குப் பொருந்தாத அந்த நாவல், கைகள் சும்மா இருக்கிற நேரத்துக்குப் பொருந்தியிருக்கிறது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்க வரவில்லை, வேறொன்று வாங்க வந்திருந்தார்.

அவரை உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, வாசித்துக் கேட்பதற்கு எப்படிப்பட்ட நாவல் வேண்டும் என்று முதன்முறையாகக் கேட்டேன். அவர் சொன்னவற்றில் பலவும் நான் குறையென்று ஒதுக்கியவை. வாரப் பத்திரிகைத் தொடர்களில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் முந்தைய வாரத்துக் கதையை நினைவூட்டும் வரிகள் வருமே, நூலாக்கும்போதாவது அவற்றை நீக்கியிருக்கலாம் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பீடிக்கடைக்குப் போய்விட்டு அரைமணி நேரம் கழித்து வருகிற பெண் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்வது அந்த வரிகளால்தான் என்றார் இசக்கியம்மாள். ஒரு பாத்திரத்தின் பெயரோடு அவருடைய உறவையோ தொழிலையோ ஆசிரியர் அடிக்கடி சேர்த்துச் சொல்வதை நான் கூறியது கூறல் என்பேன். குனிந்த தலையோடு கேட்கிறவருக்கு அதுதான் ஆளை அடையாளம் காட்டுகிறது. ஒரே அளவான அத்தியாயங்கள் இருந்தால், எத்தனை அத்தியாயத்துக்கு எத்தனை கட்டு என்று அவர்களால் கணக்கு வைத்துக்கொள்ள முடிகிறது. பெரிய எழுத்தாக இருந்தால் சாயங்கால வெளிச்சத்திலும் தடுமாறாமல் வாசிக்கலாம். விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாத கட்டமைப்பும் வேண்டும் என்றார், ஏனென்றால் அடுப்பில் உலையைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பக்கம் தவறிவிடுகிறது.

பிறகு, என்னால் மறக்கவே முடியாத ஒன்றைச் சொன்னார்.

“கை நின்னா அதுக்கு ரெண்டு காரணம் இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு, கதை குழம்பியிருக்கும். அப்போ ஒவ்வொருத்தியும் தலையைத் தூக்கி என்னையப் பார்ப்பா. இன்னொண்ணு, கதை அவளைப் பிடிச்சிருக்கும். அப்போ யாரும் தலையைத் தூக்க மாட்டா, கை மட்டும் நிக்கும். அந்தக் கணக்குக் குறைஞ்சா எங்களுக்கு வருத்தமில்லை.”

ஒவ்வோர் அடுக்காகப் பார்த்துக்கொண்டே போனேன். நானே விரும்பிப் படித்த நாவல்களைக்கூட இப்போது கையில் எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, உதடசைத்து மெல்ல வாசித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. சில நாவல்களில் என் மூச்சு பாதி வாக்கியத்திலேயே தீர்ந்தது. சிலவற்றில் உரையாடல் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. நான் எளியது என்று நினைத்த ஒன்று நாவில் கல்லாகக் கிடந்தது, கடினமானது என்று நினைத்த மற்றொன்று தண்ணீர்போல் ஓடியது. கடைசியில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நின்ற இடத்துக்கு வந்தேன். 1976இல் வந்த சிறிய நாவல். தெலுங்குச் சீமையிலிருந்து கிளம்பிக் கரிசல் பூமிக்கு வந்து சேர்ந்தவர்களின் கதையை, அதில் ஒரு பூட்டி உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்கிறாள். அவள் வாயால் சொல்லிப் பிறர் காதால் கேட்கிற கதை.

ஆனால் அதை அப்படியே நீட்டிவிட எனக்குத் துணிவு வரவில்லை. “நான் கொஞ்சம் வாசிக்கட்டுமா தாயி? கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றேன்.

அவர் முக்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டார். கடை வைத்த இத்தனை ஆண்டுகளில், ஒருவருக்கு எதிரே புத்தகத்தை விரித்து நான் வாய்விட்டு வாசித்தது அதுவே முதல் முறை. தொடக்கத்தில் குரல் கம்மியது. தூசு தட்டிக்கொண்டிருந்த கடைப் பையன் துடைப்பத்தோடு நின்றுவிட்டான். ஊர் வந்தது, மனிதர்கள் வந்தார்கள். இசக்கியம்மாளின் மடியில் தட்டு இல்லை, ஆனால் விரல்கள் அவரை அறியாமலே இலையை உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் எழுத்தைப் பாதியும் அந்த விரல்களைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். ஒரு வரியில் தடுக்கினேன், அவர் தலையை லேசாகத் தூக்கினார். திரும்பப் போய்ச் சரியாக வாசித்ததும் தலை தாழ்ந்தது, விரல்கள் பழையபடி ஓடின.

தன்னந்தனியாக வழிநடந்து வருகிற பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி, தாகத்தோடு தண்ணீரில் இறங்குகிற இடம் வந்தது. பின்னாலேயே வருகிறவனின் கண் அவள் நகையின் மேல் இருக்கிறது.

இசக்கியம்மாளின் விரல்கள் நின்றன. அவர் தலையைத் தூக்குகிறாரா என்று பார்ப்பதற்காக நான் நிறுத்தினேன்.

“மேல வாசிங்க அண்ணாச்சி” என்றார், கண்ணைத் திறக்காமல்.