பொருள்: பில் எண் 2841 (11.03.2026) – டைல்ஸ் லோடில் குறைவு, உடைவு, ஷேடு கலப்பு – 18.03.2026-க்குள் மாற்றுச் சரக்கு வேண்டும்

கும்பகோணம்
14.03.2026, சனிக்கிழமை

செல்வராஜ் அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஆர்டர் எண் 117-க்கு நீங்கள் திருச்சி குடோனிலிருந்து அனுப்பிய லோடு வியாழக்கிழமை (12.03.2026) மாலை 6.40-க்கு எங்கள் கடைக்கு வந்தது. இறக்கி எண்ணியதில் சரக்கு குறைவாக இருக்கிறது. சில பாக்ஸ்களில் டைல்ஸ் உடைந்திருக்கிறது. இரண்டையும் விட முக்கியமாக, ஒரே டிசைனில் இரண்டு ஷேடு கலந்து வந்திருக்கிறது. நேற்றுக் காலை போனில் உங்கள் சேல்ஸ் தம்பியிடம் சொன்னேன், எழுத்தில் அனுப்பச் சொன்னார். அதனால் முழு விவரத்தையும் இதில் எழுதுகிறேன். எங்களுக்கு என்ன வேண்டும் என்பது முதலில்:

1. 600×1200 வெள்ளை மார்பிள் டிசைன் ஜிவிடி, பி4 ஷேடிலேயே 32 பாக்ஸ். 18.03.2026 புதன்கிழமைக்குள் எங்கள் கடைக்கு வந்து சேர வேண்டும்.
2. ஹைலைட்டர் டைல்ஸ், டிசைன் 2270, 4 பாக்ஸ். அதே வண்டியில்.
3. டைல்ஸ் பசை 5 மூட்டைக்கு கிரெடிட் நோட். மூட்டை திரும்ப வேண்டாம்.
4. தவறாக வந்தவற்றையும் உடைந்தவற்றையும் அதே வண்டியில் உங்கள் செலவில் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி விவரம்.

பில்லில் இருப்பதும் நாங்கள் எண்ணியதும்:

600×1200 ஜிவிடி – பில் 120 பாக்ஸ், வந்தது 117. மூன்று பாக்ஸ் குறைவு.
300×600 சுவர் டைல்ஸ் – பில் 90, வந்தது 90. சரி.
ஹைலைட்டர் – பில் 12, வந்தது 12. ஆனால் அதில் 4 பாக்ஸ் வேறு டிசைன்.
300×300 பாத்ரூம் மேட் – பில் 40, வந்தது 40. சரி.
டைல்ஸ் பசை 20 கிலோ – பில் 50 மூட்டை, வந்தது 48. இரண்டு குறைவு. வந்ததில் 3 மூட்டை கிழிசல்.

ஜிவிடியை இரண்டு தடவை எண்ணினோம். முதல் தடவை வண்டியிலிருந்து இறங்க இறங்கச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு. இரண்டாம் தடவை அடுக்கிய பிறகு, டிரைவரையும் கூட வைத்துக்கொண்டு. இரண்டு தடவையும் 117 தான். டிரைவர் அந்த இடத்திலேயே எல்ஆர் பிரதியில் "3 பாக்ஸ், 2 மூட்டை குறைவு, 9 பாக்ஸ் மூலை நசுங்கல்" என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் படம் இணைப்பில் இருக்கிறது. டிரைவர் மேல் எனக்குக் குறை இல்லை. தார்ப்பாய் கட்டியது கட்டியபடி இருந்தது, வழியில் எதுவும் இறங்கியதாகத் தெரியவில்லை. உங்கள் குடோனில் ஏற்றும்போதே எண்ணிக்கை தவறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அங்கே ஸ்டாக் பார்த்தால் இந்த மூன்று பாக்ஸ் மிச்சமாக நிற்கும்.

உடைவு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த லோடிலும் இதுவே நடக்கக் கூடாது. பெரிய டைல்ஸ் பாக்ஸைப் பக்கவாட்டில் நிறுத்தித்தானே ஏற்றுவது வழக்கம். வண்டியின் பின்பக்கம் கடைசி வரிசையை மட்டும் படுக்கப்போட்டு, அதன் மேல் பசை மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு மூட்டை 20 கிலோ, நான்கு அடுக்கு. தஞ்சாவூர் தாண்டி இந்தப் பக்கம் ரோடு எப்படி என்று உங்களுக்கே தெரியும். நசுங்கிய 9 பாக்ஸும் அந்த வரிசையில்தான் இருந்தன. டிரைவர் முன்னாலேயே பிரித்தோம். மொத்தம் 18 பீஸில் 11 போய்விட்டது: 4 பீஸ் நடுவில் விரிசல், 7 பீஸ் மூலை சிப். சிப் ஆனதை ஓரத்தில் வெட்டிப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்க நினைப்பீர்கள். ஹாலில் ஓர வெட்டு அதிகம் வராத அளவு அது. அதனால் 11-ஐயும் மாற்றித்தான் தர வேண்டும். பாக்ஸுக்கு இரண்டு பீஸ் என்பதால் 6 பாக்ஸாக அனுப்புங்கள். அதில் கூடுதலாக வரும் ஒரு பீஸுக்கு உரிய ரூ. 340-ஐயும் வரியையும் நாங்கள் கொடுத்துவிடுகிறோம், அது ஸ்பேராக இருக்கட்டும்.

சுவர் டைல்ஸில் இரண்டு பீஸ் உடைந்திருந்தது. அது வழக்கமான வழிச் சேதாரம், கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது ஷேடு விஷயம். இது இரவு லைட் வெளிச்சத்தில் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை பாக்ஸ் மேல் இருக்கும் சீலைப் படித்தபோது 94 பாக்ஸில் பி4 என்றும் 23 பாக்ஸில் பி2 என்றும் இருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு பீஸ் எடுத்து, கடை வாசலில் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். பி4 சுத்த வெள்ளை, சாம்பல் ரேகை. பி2-வில் வெள்ளை லேசாக மஞ்சளடிக்கிறது, ரேகையும் கொஞ்சம் பழுப்பு. எதிர்க்கடை டீ மாஸ்டரைக் கூப்பிட்டு, எது எது என்று சொல்லாமல் காட்டினேன். அவரே பிரித்து வைத்துவிட்டார். உங்கள் தம்பி போனில் "போட்டுட்டா தெரியாதுண்ணே" என்றார். கிழக்குப் பார்த்த ஹால், இரண்டு பெரிய ஜன்னல், காலை வெயில் நேரே தரையில் விழும் வீடு. தெரியாமல் இருக்காது. ஆர்டரில் "ஒரே ஷேடு, ஒரே பேட்ச்" என்று எழுதியே கொடுத்திருந்தோம், பிரதியை மறுபடி இணைத்திருக்கிறேன்.

அந்த 23 பாக்ஸும் பிரிக்காமல், தனியாக, சுவர் ஓரத்தில் அட்டை போட்டு நிறுத்தியிருக்கிறது. படத்துக்காக எடுத்த இரண்டு பீஸ் அதன் பாக்ஸிலேயே திரும்ப வைக்கப்பட்டுவிட்டது. ஆக பி4-இல் தேவை: குறைவுக்கு 3, உடைவுக்கு 6, ஷேடுக்கு 23. மொத்தம் 32 பாக்ஸ்.

பி4 உங்களிடம் 32 பாக்ஸ் இல்லையென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். 20 பாக்ஸ் பி4, மீதி ஏதோ ஒன்று என்று அனுப்பினால் நாங்கள் இறக்க மாட்டோம். அப்படியானால் ஒரே வழிதான்: வந்த 117 பாக்ஸையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, வேறு எந்த ஷேடானாலும் ஒரே பேட்சில் 120 பாக்ஸாக அனுப்புவது. அதற்கும் தேதி அதே 18 தான்.

தேதியில் ஏன் இவ்வளவு கறார் என்றால், இது கடையில் அடுக்கி வைத்து விற்கிற ஸ்டாக் இல்லை, வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போகிற சரக்கு. பங்குனியில் குடிபோகக் கூடாது என்று சித்திரையில் நாள் பார்த்திருக்கிறார்கள். கொத்தனார் 23ஆம் தேதி திங்கட்கிழமை ஹாலில் வேலை தொடங்குகிறார். 19ஆம் தேதி தெலுங்கு வருடப் பிறப்பு, உங்கள் குடோன் லீவு என்றால் மறுநாள்தான் வண்டி கிளம்பும், சனிக்கிழமைதான் எங்களுக்குச் சரிபார்க்க முடியும். ஷேடு மறுபடி தவறினால் சரிசெய்ய நாளே இருக்காது. அதனால்தான் புதன்கிழமை.

ஹைலைட்டரில் நாங்கள் கேட்டது 2270. எட்டு பாக்ஸ் அதுதான். மீதி நான்கில் பாக்ஸ் மேலேயே 2207 என்று இருக்கிறது. எண் மாறிப் படித்த கைத்தவறு, வேறொன்றுமில்லை. நான்கும் பிரிக்கவில்லை.

பசை மூட்டையில் குறைவு 2, கிழிந்து பாதிக்கு மேல் வண்டியிலேயே கொட்டியது 3. இதற்கு மாற்று வேண்டாம் என்று சொன்னது, பாத்ரூம் வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால். உள்ளூரிலேயே ஐந்து மூட்டை வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

பணக் கணக்கு:

பில் தொகை வரியோடு ரூ. 1,58,757.
பி2 ஷேடு 23 பாக்ஸ் × 680 = 15,640
குறைவு 3 பாக்ஸ் × 680 = 2,040
உடைவு 11 பீஸ் × 340 = 3,740
ஹைலைட்டர் 4 பாக்ஸ் × 320 = 1,280
பசை 5 மூட்டை × 310 = 1,550
கூட்டு 24,250. ஜிஎஸ்டி 18% 4,365. ஆக ரூ. 28,615.

மீதி ரூ. 1,30,142-இல் எந்தத் தகராறும் இல்லை. 30 நாள் கெடுப்படி ஏப்ரல் 10-க்குள் வழக்கம்போல் வங்கியில் போட்டுவிடுவோம், ஒரு நாள் முன்பின் ஆகாது. மாற்று டைல்ஸ் வந்து ஷேடு சரியென்று பார்த்த மறுநாள், பசை மூட்டைக்கான ரூ. 1,829-ஐக் கழித்துக்கொண்டு மீதி ரூ. 26,786-ஐயும், ஸ்பேர் பீஸுக்கு வரியோடு ரூ. 401.20-ஐயும் சேர்த்து அனுப்புகிறோம்.

மாற்றுச் சரக்குக்குப் புது பில் போட வேண்டாம். பில் 2841-ஐக் குறிப்பிட்டு டெலிவரி சலானில் அனுப்புங்கள். போன வருஷம் வேறொரு இடத்தில் இப்படி இரண்டு பில் விழுந்து, அதைச் சரிசெய்ய எங்கள் ஆடிட்டர் மூன்று மாதம் அலைந்தார். ஸ்பேர் ஒரு பீஸுக்கு மட்டும் சின்ன பில் தனியாகப் போட்டுக்கொள்ளலாம். பசைக்கான கிரெடிட் நோட்டை மார்ச் தேதியிலேயே போட்டு, ஏப்ரல் 11-க்குள் நீங்கள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1-இல் சேர்த்துவிடுங்கள். கைக்கு வராத சரக்குக்கு நாங்கள் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது என்பதால் அது அந்த மாதமே ஒத்துப்போக வேண்டும்.

பி4-இல் 32 பாக்ஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் திங்கட்கிழமை (16.03.2026) மாலை 5 மணிக்குள் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். போனில் சொன்னால் போதாது அண்ணே, வீட்டுக்காரருக்கு நான் காட்ட வேண்டியிருக்கிறது. ஏற்றும்போது பாக்ஸ் சீலைப் படம் எடுத்து அனுப்பிவிட்டால் இங்கே வந்து வண்டியைத் திருப்பும் வேலை இருக்காது. உங்கள் ஆள் யாராவது நேரில் பார்க்க விரும்பினால் தாராளமாக வரட்டும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காலை 10 மணியிலிருந்து கடையில்தான் இருப்பேன். உடைந்த பீஸ்களையும் கிழிந்த மூட்டைகளையும் அதுவரை அப்படியே வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
முருகேசன்
கொள்முதல், கும்பகோணம் கடை

இணைப்பு: ஆர்டர் 117 பிரதி, பில் 2841 பிரதி, டிரைவர் கையெழுத்திட்ட எல்ஆர், படங்கள் 14 (நசுங்கிய பாக்ஸ் 5, உடைந்த பீஸ் 4, பி2–பி4 வெயிலில் 3, ஹைலைட்டர் சீல் 1, கிழிந்த மூட்டை 1), சரக்கு இறக்கிய வீடியோ, 6 நிமிடம்.