நீ அனுப்பிய விடுப்புச் செய்தியைச் சுருக்கி அனுப்புகிறேன்

அன்பு மகளுக்குச் சித்தி எழுதுவது.

நேற்றிரவு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதை மேனேஜருக்கு அனுப்பலாமா சித்தி, கொஞ்சம் பார்த்துத் தாருங்கள்" என்று கேட்டிருந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். அக்காவின் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பதில் எனக்கு நிம்மதி. ஆனால் அதற்காக நீ எழுதியிருந்ததைப் படித்தபோது மனது கஷ்டப்பட்டது. எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று உனக்குப் புரிய வேண்டும் என்பதால், நீ எழுதியதை முதலில் அப்படியே கீழே வைக்கிறேன்.

"வணக்கம் சார். முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் சார். இந்த நேரத்தில் லீவு கேட்பது ரொம்பத் தப்பு என்று எனக்கே தெரியும். தீபாவளி பில் எல்லாம் குவிந்து கிடக்கும்போது கேட்கிறேனே என்று இரண்டு நாளாக யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன், தயவுசெய்து கோபப்படாதீங்க சார். அம்மாவுக்குக் கண்ணில் புரை, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு முட்டுவலி, அவரால் அலைய முடியாது. அண்ணன் துபாயில் இருக்கிறான், அவனுக்கும் லீவு கிடைக்கவில்லை. வேறு யாரும் இல்லாததால்தான் சார், இல்லையென்றால் கேட்டிருக்கவே மாட்டேன். அடுத்த வாரம் ஒன்றிரண்டு நாள் மட்டும் கிடைத்தால் போதும். முடியாது என்றால் பரவாயில்லை சார், வேறு ஏதாவது வழி பார்க்கிறேன். சம்பளத்தில் பிடித்துக்கொண்டாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை வந்து வேலையை முடித்துக் கொடுக்கிறேன். உங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சாரி சார்."

மக்களே, இதில் மன்னிப்பு மூன்று முறை வருகிறது, ஆனால் தேதி ஒரு முறைகூட வரவில்லை. "அடுத்த வாரம் ஒன்றிரண்டு நாள்" என்றால் உன் மேனேஜர் எதை வைத்து ஏற்பாடு செய்வார்? ஒரு நாளா, இரண்டு நாளா, திங்களா, வெள்ளியா என்று அவர் உன்னைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கும். ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிற பெண் நவம்பர் நடுவில் விடுப்புக் கேட்டால், அவருக்கு உடனே எழுகிற கவலை 20-ஆம் தேதிக்குள் போட வேண்டிய மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான GSTR-3B பற்றியதாகத்தான் இருக்கும். அது ஒரு நாள் தாமதித்தாலும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் கடையின் தலையில் விழும். அந்தக் கவலைக்கு உன் செய்தியில் ஒரு சொல்கூடப் பதில் இல்லை. அவருக்குத் தேவையான இரண்டையும் சொல்லாமல், தேவையில்லாத மன்னிப்பை மட்டும் அள்ளிக் கொடுத்திருக்கிறாய். மரியாதை என்று நினைத்து நீ எழுதியது, அவருடைய வேலையைத்தான் கூட்டுகிறது.

நான் சுருக்கி எழுதியது இது. இதை அப்படியே அனுப்பலாம்.

"வணக்கம் சார். என் அம்மாவுக்கு வரும் புதன்கிழமை, நவம்பர் 18 அன்று, திருவனந்தபுரத்தில் கண்புரை அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. மறுநாள் காலை கட்டுப் பிரித்துப் பார்க்கும்வரை நான் உடன் இருக்க வேண்டியுள்ளதால், 18, 19 ஆகிய இரண்டு நாள்களுக்குத் தற்செயல் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்டோபர் மாதத்து GSTR-3B-ஐ 17-ஆம் தேதி மாலையே தாக்கல் செய்துவிடுவேன். ஓடிபி முதலாளியின் போனுக்கு வரும் என்பதால் அன்று மாலை 4 மணிக்கு அவர்கள் கடையில் இருந்தால் உதவியாக இருக்கும். இரண்டு நாளும் தினசரி வரவு செலவைக் குறித்துவைக்க பில்லிங் அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 20-ஆம் தேதி காலை வழக்கம்போல் வேலைக்கு வந்துவிடுவேன். நன்றி சார்."

இதில் மன்னிப்பு இல்லை என்று உனக்குப் பயமாக இருக்கலாம். மன்னிப்பு என்பது செய்த தவறுக்குக் கேட்பது. தாயின் கண்ணுக்குத் துணையாகப் போவதில் தவறு எங்கே இருக்கிறது? ஆறு நாள் முன்னதாகச் சொல்கிறாய், முடிக்க வேண்டிய வேலையை முடித்துவிட்டுப் போகிறாய். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் நின்றுவிட்டாலோ, உன்னால் ஒரு பில் விடுபட்டுக் கடைக்கு நட்டம் வந்தாலோ, அன்றைக்கு "என் தவறுதான் சார், மன்னிக்கவும்" என்று ஒரு முறை தெளிவாகச் சொல். இப்போதே எல்லாவற்றுக்கும் கேட்டுத் தீர்த்துவிட்டால், உண்மையாகவே கேட்க வேண்டிய நாளில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்காது.

பணிவு குறைந்துவிடுமோ என்றும் யோசிக்காதே. நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லிலேயே இருக்கிறது. "அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதும்போது, முடிவு அவருடையது என்பதை அந்தச் சொற்கள் ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. முதலில் நான் இன்னும் குறைத்து, "18, 19 இரண்டு நாளும் வர மாட்டேன் சார், அம்மாவுக்கு ஆபரேஷன்" என்று எழுதிப் பார்த்தேன். சுருக்கமாக இருந்தாலும், அவரிடம் கேட்காமல் அறிவிக்கிற தொனி அதில் வந்துவிட்டது. தனக்குச் சேர வேண்டிய இடத்தைப் பறித்துக்கொண்டதாக அவருக்குத் தோன்றும். "வர இயலாது" என்றால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் முடிந்த முடிவாகத்தான் ஒலிக்கிறது. அதனால்தான் கேட்கிற வாக்கியத்தையே வைத்தேன். அதே நேரத்தில், நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி" பாணியும் வேண்டாம் என்று நினைத்தேன். நீ இப்போது மாணவி இல்லை, ஒரு கடையின் கணக்கையே கையில் வைத்திருக்கிறவள்.

அப்பாவின் முட்டுவலியையும் அண்ணனின் துபாய் வேலையையும் எடுத்துவிட்டேன். அவை பொய் இல்லை, ஆனால் அவற்றை எழுதும்போது நீ சாட்சி சேர்க்கிறாய். வீட்டில் வேறு யாராவது போகலாமே என்று அவர் கேட்பதற்கு முன்பே நீயாக ஒரு விசாரணையைத் தொடங்கி வைக்கிறாய். "நான் உடன் இருக்க வேண்டியுள்ளதால்" என்ற சொற்கள் போதும். அவர் கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

"முடியாது என்றால் பரவாயில்லை, வேறு வழி பார்க்கிறேன்" என்ற வரியைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. வேறு என்ன வழி இருக்கிறது? அக்காவைத் தனியாக ரயிலில் ஏற்றி அனுப்புவாயா? அந்த வரி, மறுப்பதற்கு நீயே எடுத்துக் கொடுக்கிற வாசகம். அவர் நல்ல மனிதராகவே இருந்தாலும், அவசரத்தில் படிக்கும்போது "சரி, அப்படியானால் வேறு ஏற்பாடு செய்துகொள்ளம்மா" என்று எழுதிவிட்டுப் போய்விடக்கூடும். அதன் பிறகு நீ இரண்டாவது முறை கேட்க வேண்டும், அது முதல் முறையைவிடப் பத்து மடங்கு கஷ்டம்.

சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னதும் அப்படித்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி, கடை ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 12 நாள்வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பு உண்டு. நோய்க்கான விடுப்பும் ஓராண்டு வேலை முடிந்த பின் கிடைக்கிற விடுமுறையும் இதில் சேராமல் தனித்தனியாக இருக்கின்றன. இந்த ஆண்டு நீ எடுத்தது 3 நாள்தான் என்று சொன்னாய். இருக்கிற உரிமையை நீயே விட்டுக்கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து அடகு வைக்காதே. ஆனால் இந்தச் சட்டத்தைச் செய்தியில் எழுதவும் வேண்டாம். யாரும் மறுக்காதபோது சட்டம் பேசினால் சண்டைக்கு வருவதாகத் தோன்றும். "தற்செயல் விடுப்பு" என்ற சொல்லைச் சேர்த்தது அதற்காகத்தான்; எந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

பில்லிங் அக்காவைப் பற்றிய வரி உண்மையாக இருக்க வேண்டும் என்பதால், மேனேஜருக்கு அனுப்புவதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிடு. பேசிய பிறகு இதை அவர்களுக்கு அனுப்பு.

"அக்கா, 18, 19 இரண்டு நாளும் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் இருக்க மாட்டேன். தினசரி வரவு செலவை மட்டும் என் மேசையில் இருக்கும் நீல நோட்டில் குறித்துவையுங்கள், 20-ஆம் தேதி வந்து நானே டாலியில் ஏற்றிக்கொள்கிறேன். பெரிய உதவி அக்கா, நன்றி."

இங்கே "பெரிய உதவி" என்று எழுதியிருப்பதைப் பார். உனக்காகக் கூடுதலாகக் கைவேலை செய்யப் போகிறவர்கள் அவர்கள்தான், மனமார்ந்த நன்றி போக வேண்டிய இடமும் அதுதான்.

மேனேஜர் கூப்பிட்டு, "இந்த நேரத்திலா அம்மா?" என்று கேட்டால் பதறாதே. கோட்டாறு சவேரியார் திருவிழா 24-ஆம் தேதி தொடங்கிவிடும், அதைத் தொடர்ந்து கிறிஸ்துமஸ் வியாபாரம் வந்துவிடும், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்றுதானே இந்த நாளைக் கேட்டு வாங்கினாய்? அதையே சொல். "டிசம்பரில் கடையில் கூட்டம் இருக்கும் சார், அதனால்தான் இப்போதே வைத்துக்கொண்டோம்" என்று சொல்லி நிறுத்திவிடு. அவர் யோசிக்கும்போது இடையில் ஓடிவரும் மௌனத்தை "சாரி சார்" போட்டு நிரப்பாதே. அவர் பதில் சொல்லும்வரை காத்திரு.

17-ஆம் தேதி தாக்கல் செய்வதாக உன் பெயரில் நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் கணக்கை இன்றே தொடங்கு. நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான GSTR-2B 14-ஆம் தேதி வந்ததும் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டுவிடு. தீபாவளிச் சரக்கில் எந்த மொத்த வியாபாரியாவது பில்லை ஏற்றாமல் விட்டிருந்தால், அவரைக் கூப்பிட்டுக் கேட்க உனக்குத் திங்களும் செவ்வாயும் இருக்கும். செவ்வாய் மாலைக்குள் முடியாது என்று தோன்றினால் அந்த வரியை மாற்றிவிட்டு அனுப்பு. செய்ய முடியாததை எழுதாதே.

செய்தியை நாளைக் காலை 11 மணிவாக்கில் அனுப்பு. கடை திறந்து முதல் பரபரப்பு அடங்கியிருக்கும், மேனேஜரும் தேநீர் குடித்திருப்பார். இரவு பத்து மணிக்கு அனுப்பிவிட்டு, நீல டிக் விழுந்ததா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காதே.

புதன்கிழமை காலை நான் இரணியல் ரயில் நிலையத்துக்கு வந்துவிடுகிறேன், அங்கிருந்து மூவரும் சேர்ந்தே போகலாம். அக்காவின் சர்க்கரை அளவு பார்த்த தாளையும், இப்போது விட்டுக்கொண்டிருக்கிற சொட்டு மருந்தையும் முந்தின இரவே பைக்குள் எடுத்து வைத்துவிடு. மேனேஜர் என்ன சொன்னார் என்று நாளை மதியம் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
சித்தி