தென்னைக் குருத்தில் ஓட்டை: காண்டாமிருக வண்டா, சிவப்புக் கூன்வண்டா? | தமிழ் ஆடியோ

விளக்கம்

விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியது போல 'வி' வடிவ வெட்டு தெரிகிறதா? அது காண்டாமிருக வண்டு. தண்டில் சிறு ஓட்டை, அதிலிருந்து மென்று துப்பிய நாரும் பழுப்பு நிறச் சாறும் வடிகிறதா? அது சிவப்புக் கூன்வண்டு. முதலாவது வண்டு காயம் போடும். இரண்டாவது அந்தக் காயத்தில் முட்டை வைத்து மரத்தையே சாய்த்துவிடும். அதனால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

இது கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோப்பு ஒன்றில் மலையாளத்தில் எடுத்த வீடியோ. வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்காகத் தமிழ் ஆடியோ சேர்த்திருக்கிறோம். தெலுங்கு ஆடியோவும் உண்டு.

தமிழில் கேட்க: வீடியோவைத் தொட்டு, மேலே வரும் பல்சக்கரக் குறியில் Audio track என்பதைத் திறந்து, தமிழைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் போனில் மலையாளமே ஓடினால் பிழை என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை கையால் மாற்றினால் போதும். பலகைகளிலும் படங்களிலும் உள்ள எழுத்து மலையாளத்தில்தான் இருக்கும். தேவையானதைக் கீழே தமிழில் தந்திருக்கிறோம்.

00:00 இரண்டு வண்டும் அருகருகே
01:35 மட்டை வெட்டு, பாளை ஓட்டை
04:10 கொக்கியால் வண்டை எடுப்பது
06:40 குருத்துக் கவைக்கு வேப்பம் பிண்ணாக்கு
09:05 எருக்குழியில் புழு
12:20 கூன்வண்டு தாக்கிய மரத்தைக் கண்டுபிடிப்பது
15:50 வாளிப் பொறி கட்டுவது
18:30 பச்சை மட்டை வெட்டும்போது நடக்கும் தவறு

04:10-இல் காட்டும் கொக்கி, நுனி வளைந்த இரும்புக் கம்பி. ஓட்டைக்குள் மெதுவாக விட்டுச் சுழற்றி இழுத்தால் வண்டு மாட்டிக்கொண்டு வரும். முரட்டுத்தனமாகக் குத்தினால் குருத்துதான் கிழியும். வண்டு வந்த பிறகு ஓட்டையை அப்படியே விடாதீர்கள். வேப்பம் பிண்ணாக்கும் மணலும் கலந்து அடைத்துவிடுங்கள்.

06:40-இல் உள்ள மலையாளப் பலகையில் எழுதியிருப்பது: "வேப்பம் பிண்ணாக்கு 250 கிராம், மணல் 250 கிராம், மரம் ஒன்றுக்கு." இதைக் குருத்தை ஒட்டிய மேல் 2 அல்லது 3 மட்டைக் கவைகளில் போட வேண்டும், குருத்தின் மேல் அல்ல. ஆண்டுக்கு 3 முறை. மணல் சும்மா சேர்ப்பதல்ல. கவைக்குள் நுழையப் பார்க்கும் வண்டுக்கு அது உடம்பில் உராய்ந்து தொல்லை கொடுக்கும். இளங்கன்றுகளுக்கு மேல் கவைகளில் 3 அந்துருண்டை வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை புதிதாக வைக்கலாம்.

09:05 பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிவிட வேண்டாம். காண்டாமிருக வண்டின் புழு மரத்தில் வளர்வதில்லை. எருக்குழி, மக்கிய மரக்கட்டை, சாய்ந்து கிடக்கும் தென்னந்தண்டு, இவைதான் அதன் வீடு. வளைந்து வெள்ளையாய், தலை மட்டும் பழுப்பாய் இருக்கும். மேலே மரத்துக்கு மருந்து வைத்துக்கொண்டு கீழே எருக்குழியைக் கவனிக்காமல் விட்டால், வண்டு வந்துகொண்டேதான் இருக்கும். எருவைக் கிளறிப் புழுவைப் பொறுக்குவது முதல் வேலை. பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணத்தை எருவில் கலப்பது அடுத்தது. இது ஈரம் இருந்தால்தான் பிடிக்கும். காய்ந்த எருவில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதில் பயனில்லை.

12:20: கூன்வண்டு பெரும்பாலும் 5 முதல் 20 வயது மரத்தைத்தான் பிடிக்கிறது. உள்ளே புழு தின்னும் சத்தம் அமைதியான நேரத்தில் தண்டில் காதை வைத்தால் கேட்கும், நறநறவென்று. நடுக்குருத்து வாடி, கையால் இழுத்ததும் வந்துவிட்டால் மரம் போய்விட்டது என்று பொருள். அந்த மரத்தை வெட்டித் துண்டாக்கி எரித்துவிட வேண்டும். தோப்பிலேயே போட்டால் அதிலிருந்து வெளிவரும் வண்டு பக்கத்து மரத்துக்குப் போகும்.

15:50: வாளியில் வண்டு நுழைய மேல்பக்கம் 4 துளைகள். வெளியே சாக்கு சுற்றுங்கள், வழுக்கும் பிளாஸ்டிக்கில் கூன்வண்டால் ஏற முடியாது. மூடியின் அடியில் கூன்வண்டை இழுக்கும் கவர்ச்சிப் பொருளைத் தொங்கவிட்டு, வாளிக்குள் பழுத்த வாழைப்பழமும் தண்ணீரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வெயிலும் சேர்ந்தால் தண்ணீர் சீக்கிரமே வற்றிவிடும்; வற்றிய வாளியில் விழுந்த வண்டு ஏறி வெளியே போய்விடும். பழத்தை 7 முதல் 10 நாளுக்குள் மாற்றுங்கள். பொறியைத் தென்னை மரத்தில் கட்டாதீர்கள்: கம்பத்திலோ வேறு மரத்திலோ, ஆள் மார்பு உயரத்தில். தென்னையில் கட்டினால், நாமே வண்டை அந்த மரத்துக்கு அழைத்துவிடுகிறோம்.

18:30: பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால், தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அடியோடு வெட்டினால் அந்தக் காயத்தின் வாசனைக்குக் கூன்வண்டு நேராகத் தண்டுக்கே வரும்.

மருந்து அடிக்கும் அளவை இந்த வீடியோவில் வேண்டுமென்றே சொல்லவில்லை. கேரளப் பக்கம் இருப்பவர்கள் கிருஷி பவனிலும், தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் வேளாண்மை விரிவாக்க மையத்திலும் மரத்தைக் காட்டிக் கேளுங்கள். ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையமும் பொள்ளாச்சிக்குப் பக்கம்தான்.

#தென்னை #காண்டாமிருகவண்டு #சிவப்புக்கூன்வண்டு #கொழிஞ்சாம்பாறை

பின் செய்த கருத்து

தமிழ் ஆடியோவுக்கு ஒரு திருத்தம்: 18:52-இல் "ஒரு அடி விட்டு வெட்டவும்" என்று குரல் வருகிறது. தவறு. நான்கு அடி, அதாவது 120 சென்டிமீட்டர் என்பதே சரி. மலையாள ஆடியோவில் சரியாக உள்ளது, தமிழில் பதிவு செய்தபோது பிசகிவிட்டது. தமிழ்த் துணைவாசகத்தில் திருத்தியாயிற்று. ஆடியோவை மாற்றும் வரை துணைவாசகத்தையே நம்புங்கள்.

நிறையப் பேர் கேட்ட வார்த்தை விஷயம்: மலையாளத்தில் கொம்பன் செல்லி என்பது காண்டாமிருக வண்டு, செம்பன் செல்லி என்பது சிவப்புக் கூன்வண்டு. சித்தூர் வட்டத்துத் தமிழர்கள் இரண்டையும் "செல்லி" என்றே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அந்தச் சொல்லிலேயே குழப்பம் தொடங்குகிறது. எனவே தமிழ் ஆடியோவில் எங்கும் வெறும் "செல்லி" என்று சொல்லாமல் பெயர் பிரித்தே சொல்லியிருக்கிறோம். கடையில் கவர்ச்சிப் பொருள் கேட்கும்போதும் பெயரைப் பிரித்துச் சொல்லுங்கள்: இந்த வண்டுக்கு உரியது அந்த வண்டை இழுக்காது.

கேள்வி கேட்பவர்கள் மரத்தின் வயது, ஓட்டை எந்த இடத்தில், சாறு வடிகிறதா என்ற மூன்றையும் எழுதுங்கள். தமிழோ மலையாளமோ, எதில் கேட்டாலும் சரி.

ஷார்ட்ஸ் தலைப்பு

பொறியைத் தென்னையில் கட்டாதீங்க! கூன்வண்டு வாளி, சரியான இடம் | தமிழ்

ஷார்ட்ஸ் விளக்கம்

சாக்கு சுற்றிய வாளி, மூடிக்கடியில் கவர்ச்சிப் பொருள், உள்ளே பழமும் தண்ணீரும். தென்னைக்குப் பதில் கம்பத்தில் கட்டுங்கள். பக்கத்துத் தோப்புக்காரரும் வைத்தால்தான் உங்கள் தோப்பில் வண்டு குறையும், வரப்பு வண்டுக்குத் தெரியாது. முழு வீடியோவில் 15:50 பாருங்கள், Audio track தமிழில் வைத்து.