நாளை அப்பச்சிக்காக யார் யார் பேசுவது

எல்லாருக்கும்,

நாளை வியாழக்கிழமை. ராகு காலம் 3 மணிக்கு முடிந்ததும் காரியம் தொடங்கும், 4 மணிக்கு எடுக்கிறோம். பேசுவதை 2.30 மணிக்கு நம் வீட்டு வளவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆத்தாவிடம் கேட்டு முடிவு செய்துவிட்டேன். மயானத்தில் பேசினால் ஆத்தாவும் அயித்தையும் ஆச்சியும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அப்பச்சியைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களே அவர்கள்தான்.

மொத்தம் 20 நிமிடம். முதலில் சித்தப்பா, 5 நிமிடம். 1956-ல் 17 வயதில் பினாங்கு கிட்டங்கிக்குப் பெட்டியடிப் பையனாகப் போன அப்பச்சி, அடுத்தாளாகி ஊர் திரும்பிய கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. சித்தப்பா, அதை மட்டும் சொல்லுங்கள், போதும். அடுத்து அயித்தை, 3 நிமிடம். அழுகை வந்தால் வரட்டும், உட்கார்ந்தே பேசலாம், யாரும் அவசரப்படுத்த வேண்டாம். அப்புறம் கடையில் அப்பச்சியோடு 30 வருடம் இருந்த கணக்கப்பிள்ளை ஐயா, 4 நிமிடம். அவர் நம் வீட்டு ஆள் இல்லையே என்று ஒருவர் கேட்டீர்கள். அப்பச்சி கடைசி வாரம் வரை தினமும் விசாரித்தது அவரைத்தான். அவர் பேசியே ஆக வேண்டும்.

ஆச்சி 3 நிமிடம், பெரிய பேத்தி 2 நிமிடம். கடைசி 3 நிமிடம் எனக்கு. சிங்கப்பூர்த் தம்பிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. தம்பி, இன்று ராத்திரிக்குள் நாலு வரி எழுதி அனுப்பு, என் நேரத்தில் வாசிக்கிறேன்.

அம்மான், நீங்களும் பேச ஆசைப்பட்டது தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். பதினாறாம் நாள் படையல் முடிந்து எல்லாரும் உட்காரும்போது முதலில் நீங்கள்தான், அன்றைக்கு நேரக் கணக்கே கிடையாது. ஊர்ப் பெரியவர்கள், கட்சிக்காரர்கள் யாராவது மைக் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் கும்பிட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுப் பாகம் பற்றியோ பழைய மனத்தாங்கல் பற்றியோ நாளை யாரும் வாயெடுக்க வேண்டாம். இதை மட்டும் அண்ணனாகக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

சின்னத் தம்பி தூண் பக்கம் நின்று நேரம் பார்ப்பான். ஒரு நிமிடம் இருக்கும்போது அருகில் வந்து நிற்பான், நேரம் முடிந்தால் தோளைத் தொடுவான். தொட்டதும் பேசிக்கொண்டிருக்கிற வாக்கியத்தை முடித்துவிட்டு மைக்கைக் கொடுத்துவிடுங்கள். வளவில் சத்தம் எதிரொலிக்கும், அதனால் மெதுவாகப் பேசுங்கள்.

இன்று பல்லவனில் வருகிறவர்களுக்குக் காரைக்குடி ஸ்டேஷனில் கார் நிற்கும். பேசுகிற ஆறு பேரும் 2.15-க்கு ஆத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுங்கள்.