ஜூனுக்குள் 18 பிள்ளைகளுக்குக் கட்டணம் வேண்டும்

கோவில்பட்டி
5.5.2025

நம் பள்ளியில் படித்த அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

போன ஜூலையில் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா மகளுக்குக் கட்டணம் கட்ட வந்தார். மஞ்சள் பைக்குள் ரப்பர் பேண்டு போட்ட பத்து ரூபாய்க் கட்டு மூன்று. எண்ணினால் 3,000. "மீதியை மழைக்கு முன்னாடி கட்டிருதேன் சார்" என்றார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. மழை பிடித்தால் குச்சி காயாது, கூலி குறையும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மீதி 3,000-ஐ நம் கல்வி நிதிதான் கட்டியது. 'ஸ்கூல்ல தள்ளுபடி பண்ணிட்டாங்க' என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

"அரசு உதவி பெறும் பள்ளிக்கு எதுக்குப்பா நிதி?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தமிழ்வழியில் கட்டணம் இல்லை. புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் அரசு தருகிறது. ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதி. அங்கே ஆசிரியர் சம்பளமே பிள்ளைகள் கட்டும் பணத்தில்தான் ஓடுகிறது. தமிழ்வழியில் சேர்க்க வேண்டியதுதானே என்று நானும் ஒரு காலத்தில் பேசியவன். என் பிள்ளையை எதில் சேர்த்தேன் என்று மனைவி கேட்டதோடு வாயை மூடிக்கொண்டேன்.

இந்த ஆண்டு 41 மனுக்கள். ஒருவருக்கு ஆண்டுக் கட்டணம் 6,000 ரூபாய். கையிருப்பு 1,38,000, அது 23 பேருக்குத்தான் காணும். மீதி 18 பேருக்கு 1,08,000 வேண்டும். மாதம் 500 ரூபாய் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் ஒரு பிள்ளையின் படிப்பு முழு ஆண்டுக்கும் நடக்கும். ஒரே தடவையில் பெரிய தொகை கொடுத்துவிட்டு மறந்துபோவதைவிட இதுதான் எங்களுக்கு உதவி. இடையில் நின்றுபோனால் அந்தப் பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடும், போன வருடம் இரண்டு பேர் அப்படிப் போனார்கள்.

நம் காலத்தில் "பீஸ் கட்டாதவனெல்லாம் எந்திரி" என்பார்கள். நான் எழுந்து நின்றவன். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம்: உதவி பெறும் பிள்ளையின் பெயர் தலைமையாசிரியருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். மேடையில் காசோலை, போட்டோ எதுவும் கிடையாது.

வங்கிக் கணக்கு விவரம் உங்கள் செட்டின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் நேரில் கட்டினாலும் ரசீது உண்டு. 80ஜி வரிச்சலுகை நம் நிதிக்கு இல்லை. பிறகு கேட்டுக் கோபப்பட வேண்டாம். மே 31-க்குள் சொல்லிவிட்டால், பள்ளி திறந்ததும் கட்டணத்தைக் கட்டிவிடலாம்.

அன்புடன்,
கல்வி நிதிப் பொருளாளர்
1994 பிளஸ் டூ செட்

பி.கு.: போன ஆண்டு வாக்குக் கொடுத்து விட்டுப்போன ஆறு பேருக்கு இந்த வாரம் நானே போன் போடுவேன். எடுங்கள்.